பிரதிவாதி ஒரு நாடு

1948 செப்டம்பர் 20. இந்திய ராணுவத்திடம் ஹைதராபாத் பணிந்து மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. அங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாறியது. தொகை 10,07,940 பவுண்டு 9 ஷில்லிங். அன்றைய இந்திய ரூபாயில் ஏறத்தாழ ஒரு கோடியே 34 லட்சம். பணம் போனது ஹைதராபாத் அரசின் கணக்கிலிருந்து. போய்ச் சேர்ந்தது லண்டனில் பாகிஸ்தான் ஹை கமிஷனராக இருந்த ஹபீப் இப்ராஹிம் ரஹிம்துல்லாவின் பெயரில் இருந்த கணக்குக்கு.

மாற்றச் சொன்னவர் மொயின் நவாஸ் ஜங். நிஜாம் அரசின் நிதிப் பொறுப்பில் இருந்தவர். ஹைதராபாத் விவகாரத்தை ஐ.நா. பாதுகாப்பு சபையில் முறையிடுவதற்காக அப்போது ஐரோப்பா வந்திருந்தார். ஒரு வாரத்தில் நிஜாமிடமிருந்து வங்கிக்குத் தகவல் போனது: “என் அனுமதி இல்லாமல் நடந்த மாற்றம் இது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.” வங்கி பாகிஸ்தானைக் கேட்டது. பாகிஸ்தான் சம்மதிக்கவில்லை. யாருக்குக் கொடுத்தாலும் வம்பு என்று தெரிந்ததும் வங்கி புத்திசாலித்தனமாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டது.

அந்தப் பணம் யாருடையது என்று ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதியது 2019 அக்டோபர் 2 அன்று. இடையில் கழிந்தவை 71 ஆண்டுகள். நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1967-இல் காலமாகிவிட்டார். பவுண்டிலிருந்து ஷில்லிங்கே மறைந்துவிட்டது. வட்டியோடு சேர்ந்து தொகை மூன்றரைக் கோடி பவுண்டாக வளர்ந்திருந்தது.

சாட்சியம் சிக்கலானது, வக்கீல்கள் வாய்தா வாங்கினார்கள் என்பதெல்லாம் இந்தத் தாமதத்துக்குக் காரணம் அல்ல. வழக்கை விசாரிக்கவே முடியாது என்று இங்கிலாந்தின் உச்ச அமைப்பே கதவைச் சாத்தியதுதான் காரணம். பிரதிவாதியின் இடத்தில் நின்றது ஒரு நாடு. ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தில் கூண்டில் ஏற்றக்கூடாது என்ற பழைய விதிக்கு இறையாண்மை விலக்குரிமை என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள நிஜாமின் இந்த ஒரு வழக்கைப் போல் உதவும் வழக்கு வேறு இல்லை.

சொந்த அரசின் மீது வழக்குப் போடுவது நமக்குப் புதிதல்ல. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் அனுப்பிவிட்டு, கலெக்டரையோ அரசுச் செயலரையோ பிரதிவாதியாகச் சேர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். விபத்து இழப்பீட்டைக் கட்டாத அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தைக் கோர்ட் அமீனா ஜப்தி செய்து, பேருந்து நிலையத்திலிருந்து நீதிமன்ற வளாகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் செய்தி. நீதிமன்றமும் அரசும் ஒரே அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதால் இது சாத்தியமாகிறது. பக்கத்து நாட்டு அரசு நம் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அதற்குச் சம்மன் அனுப்ப நம் முன்சீப்புக்கு என்ன அதிகாரம் என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடி.

இந்தக் கேள்விக்கு முதல் பெரிய பதில் ஒரு கப்பலின் வழக்கில் கிடைத்தது. ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1809-இல் பால்டிமோரிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்டது. அடுத்த ஆண்டு நெப்போலியனின் ஆட்கள் அதைப் பிடித்து, பெயரை மாற்றி, பிரெஞ்சுப் போர்க்கப்பலாக்கிக்கொண்டார்கள். 1811-இல் அதே கப்பல் புயலில் அடிபட்டு, பழுது பார்ப்பதற்காக அமெரிக்காவின் பிலடெல்பியா துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது. திருட்டுப் போன மாடு தானாகவே வீட்டு வாசலுக்கு வந்த மாதிரிதான். பழைய உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள்.

1812-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கப்பலைத் தர மறுத்தார். கப்பல் யாருடையது என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. நாடுகள் எல்லாம் சமம். ஒன்றுக்கொன்று எஜமான் இல்லை. நட்பு நாட்டின் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்குள் வர நாம் அனுமதிக்கிறோம் என்றால், உள்ளே வந்ததும் அதைப் பிடித்து வைக்க மாட்டோம் என்ற வாக்குறுதியும் அந்த அனுமதியிலேயே அடங்கியிருக்கிறது. உரிமையாளர்களுக்கு அநியாயம் நடந்திருந்தால் அதை இரண்டு அரசுகளும் பேசித் தீர்க்கட்டும். அது நீதிமன்றத்தின் வேலை அல்ல. மார்ஷலின் தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 2012-இல், கடன் பாக்கிக்காக அர்ஜென்டினா கடற்படையின் ‘லிபர்டாட்’ என்ற பயிற்சிக் கப்பலை கானாவின் தேமா துறைமுகத்தில் ஒரு முதலீட்டு நிறுவனம் நீதிமன்ற உத்தரவோடு நிறுத்திவைத்தது. சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் அதே டிசம்பரில் கப்பலை விடுவிக்க உத்தரவிட்டது. போர்க்கப்பலைத் தொடக்கூடாது என்ற விதியில் இரு நூற்றாண்டுகளில் மாற்றம் ஏதும் இல்லை.

விலக்குரிமை என்றதும் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு அரசு செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்வதல்ல இது. தவறு செய்ததா இல்லையா என்று பார்க்கும் அதிகாரமே தனக்கு இல்லை என்று நீதிமன்றம் சொல்வது. கடன்காரன் கடன்காரனாகவே இருப்பான். கேட்க இடம் இல்லை, அவ்வளவுதான்.

நிஜாமின் வழக்குக்கு வருவோம். அவர் 1954-இல் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி மீதும் ரஹிம்துல்லா மீதும் லண்டனில் வழக்குத் தொடர்ந்தார். ரஹிம்துல்லா அப்போது ஹை கமிஷனர் பதவியில் இல்லை. ஆகவே தூதர் என்ற தனிப்பட்ட பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. வங்கியோ சாதாரண ஆங்கிலேய வங்கி. பாகிஸ்தான் என்ற பெயரே பிரதிவாதிகள் வரிசையில் இல்லை. நிஜாமின் வக்கீல்கள் கணக்குப் போட்டுத்தான் வழக்கை இப்படி அமைத்தார்கள்.

பாகிஸ்தான் தரப்பு சொன்ன பதில் சுருக்கமானது. ரஹிம்துல்லா அந்தப் பணத்தைச் சொந்த ஹோதாவில் வாங்கவில்லை. பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் சொல்லி, அரசின் பிரதிநிதியாகத்தான் வாங்கினார். கணக்கில் அவர் பெயர் இருந்தாலும் அதன் மீதான சட்டப்படியான உரிமை பாகிஸ்தான் அரசுடையது. அந்தக் கணக்கைக் குறித்து எந்த உத்தரவு போட்டாலும் அது பாகிஸ்தானை வழக்குக்கு இழுப்பதுதான். ஆகவே வழக்கை நிறுத்துங்கள்.

முதல் நீதிபதி இதை ஏற்றுக்கொண்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை: பாகிஸ்தான் சும்மா பிடித்துவைத்திருக்கும் பணம்தானே இது, அதை அனுபவிக்கும் உரிமை பாகிஸ்தானுக்கு இருப்பதாகத் தெரியவில்லையே என்று நிஜாமின் பக்கம் சாய்ந்தது. 1957-இல் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் அதைப் புரட்டிப்போட்டார்கள். அனுபவிக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கின் மையக் கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் பாகிஸ்தானை விசாரித்தாக வேண்டும், விசாரிக்கத்தான் கூடாதே! வங்கிக் கணக்கின் சட்ட உரிமை பிரதிநிதி வழியாகப் பாகிஸ்தானிடம் இருக்கிறது என்று தெரிந்தவுடனேயே நீதிமன்றம் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கு அங்கேயே நின்றது.

ஆனால் நிஜாமுக்கு அடைத்த கதவு பாகிஸ்தானுக்கும் திறக்கவில்லை. தகராறு உள்ள பணத்தைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் வங்கி யாருக்கும் கொடுக்காது. உத்தரவு வேண்டும் என்றால் பாகிஸ்தான் தானே வழக்குப் போட வேண்டும். வழக்குப் போட்டால் விலக்குரிமை போய்விடும். நிஜாம் தரப்பும் தன் வாதத்தை வைக்கலாம். விலக்குரிமை பிறர் கையைத் தடுக்கும், பணத்தை எடுத்துத் தராது. இந்தக் காரணத்தால் இரு தரப்பும் எட்டிப்பார்க்க மட்டுமே முடிகிற தொலைவில் அந்தப் பணம் அரை நூற்றாண்டுக்கு மேல் வட்டி சேர்த்துக்கொண்டிருந்தது.

1957 தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஐந்து நீதிபதிகளில் ஒருவரான டென்னிங் பிரபு, முடிவை ஒப்புக்கொண்டாலும் அதற்கான காரணத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வெளிநாட்டு அரசு வழக்கில் மாட்டிக்கொள்கிறதா இல்லையா என்று பார்ப்பதே தவறான வழி என்றார். பார்க்க வேண்டியது தகராறின் தன்மையை. இரண்டு அரசுகள் அரசுகளாகச் செய்துகொண்ட காரியமா? அப்படியானால் நீதிமன்றம் ஒதுங்கட்டும். அரசு கடைக்காரனைப் போல வாங்கி விற்ற காரியமா? அப்படியானால் மற்றக் கடைக்காரர்களைப் போல அதுவும் பதில் சொல்லட்டும். நிஜாமின் பணம் முதல் வகை என்பதால் முடிவு மாறவில்லை. சக நீதிபதிகள் இந்தக் கருத்துக்குத் தாங்கள் கட்டுப்படவில்லை என்று தீர்ப்பிலேயே எழுதி வைத்தார்கள். டென்னிங் தனியாளாக நின்றார்.

இருபது ஆண்டுகளில் அவருடைய நேரம் வந்தது. கொண்டுவந்தது சிமெண்ட்.

எண்ணெய்ப் பணம் கொழித்த 1975-இல் நைஜீரிய ராணுவ அரசு உலகெங்கும் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்த ஆர்டர் இரண்டு கோடி டன் அளவுக்குப் போயிற்று. லாகோஸ் துறைமுகம் ஓர் ஆண்டில் இறக்கக்கூடிய அளவைப் போல அது பல மடங்கு. நூற்றுக்கணக்கான கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் காத்துக்கிடந்தன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அரசு மாறியது. புதிய அரசு அனுமதி இல்லாத கப்பல்களைத் தடுத்து, பணப் பட்டுவாடாவையும் நிறுத்தியது. 2,40,000 டன் சிமெண்டுக்கு நைஜீரிய மத்திய வங்கி கொடுத்திருந்த கடன் உறுதிக் கடிதத்தைக் கையில் வைத்திருந்த டிரெண்டெக்ஸ் என்ற நிறுவனம் லண்டனில் வழக்குத் தொடர்ந்தது. வங்கி சொன்ன பதில்: நான் அரசின் அங்கம், எனக்கு விலக்குரிமை உண்டு. கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அதை விசாரித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் டென்னிங். அந்த சிமெண்ட் ராணுவக் குடியிருப்புகள் கட்டுவதற்காக வாங்கியது என்ற வாதம் அவரிடம் எடுபடவில்லை. எதற்காக வாங்கினாய் என்பது முக்கியமில்லை; சந்தைக்கு வந்து வாங்கினாயா என்பதுதான் கேள்வி. ராணுவத்துக்குப் பூட்ஸ் வாங்கினாலும் சிமெண்ட் வாங்கினாலும் அது வியாபாரம். வங்கி தோற்றது.

மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அரசு விலக்குரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கா 1976-லேயே கொண்டுவந்திருந்தது. இரண்டு சட்டங்களும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை: வெளிநாட்டு அரசுக்கு விலக்குரிமை உண்டு என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் விதிவிலக்குகளை அடுக்குகின்றன. வணிக ஒப்பந்தம், உள்ளூரில் ஏற்பட்ட உடல் காயம், உள்ளூர் நிலம் சம்பந்தப்பட்ட தகராறு ஆகியவற்றில் வழக்குப் போடலாம். விதிவிலக்கே இல்லாத முழு விலக்குரிமையை நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்த சீனாகூட, 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் புதிய சட்டத்தில் இந்தப் பாதைக்கு வந்துவிட்டது.

இந்தியாவின் வழி வேறு. இங்கே இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவுதான் இருக்கிறது. அதன்படி, வெளிநாட்டு அரசு மீது வழக்குப் போட வேண்டும் என்றால் முதலில் மத்திய அரசின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். எந்தச் சூழ்நிலையில் அனுமதி தரலாம் என்பதையும் அந்தப் பிரிவே சொல்கிறது: அந்த நாடு நம் நீதிமன்றத்தில் வாதியின் மேல் வழக்குப் போட்டிருந்தால், நீதிமன்ற எல்லைக்குள் வியாபாரம் செய்தால், அங்கே உள்ள அசையாச் சொத்து பற்றிய தகராறாக இருந்தால், தன் சலுகையைத் தானே விட்டுக்கொடுத்திருந்தால். வெளிநாட்டு அரசின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மட்டும் அனுமதி இல்லாமலேயே வழக்குப் போடலாம். பிரிட்டனில் வழக்கு விலக்குரிமைக்குள் வருமா என்று நீதிபதி முடிவு செய்கிறார். இங்கே வெளியுறவு அமைச்சகத்தின் மேசையில் முதல் கேள்வி முடிவாகிறது.

அதில் சிக்கிக்கொண்டவர் டெல்லியில் ஒரு காண்ட்ராக்டர். அல்ஜீரியத் தூதரகக் கட்டடத்திலும் தூதரின் வீட்டிலும் பராமரிப்பு, ரிப்பேர் வேலைகளைச் செய்து கொடுத்தார். பில்லுக்குப் பணம் வரவில்லை. கேட்டுப் பார்த்தார், எழுதிப் பார்த்தார். கடைசியில் வழக்குப் போட 86-ஆம் பிரிவின் கீழ் அனுமதி கேட்டு மத்திய அரசுக்கு விண்ணப்பித்தார். அரசியல் காரணங்களை முன்னிட்டு அனுமதி தர இயலாது என்று பதில் வந்தது. கதவுக்குச் சாயம் அடித்த கூலியைக் கேட்பதில் என்ன அரசியல் இருக்க முடியும் என்று தோன்றத்தான் செய்யும்.

அவர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986-இல் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்து, மீண்டும் பரிசீலிக்கச் சொன்னது. அனுமதி மறுக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது; ஆனால் விண்ணப்பித்தவரின் தரப்பைக் கேட்டு, காரணத்தோடுதான் மறுக்கலாம். வேலை வாங்கிக்கொண்டு கூலி தராத வெளிநாட்டு அரசின் முன்னால் குடிமகனைப் பரிகாரமின்றி நிறுத்துவது நாடுகளுக்கிடையிலான நல்லுறவையும் வளர்க்காது என்பது நீதிமன்றத்தின் பார்வை. இந்தத் தீர்ப்பைச் சர்வதேசச் சட்டப் புத்தகங்கள் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. ஆனாலும் சாதாரண மனிதனின் கோணத்திலிருந்து இந்த விதியைப் பார்த்த தீர்ப்புகளில் இது முக்கியமானது.

2011-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் சாயப்பொருள் அனுப்பிய ஒரு வியாபாரி, தாமதத்தால் சரக்கு கெட்டுப்போனதாக நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்டார். தான் வெளிநாட்டு அரசின் நிறுவனம், அனுமதி இல்லாமல் தன் மீது புகார் செல்லாது என்றது ஏர்லைன்ஸ். காசு வாங்கிக்கொண்டு சரக்கு ஏற்றுகிறவர் சரக்குக்குப் பொறுப்பு. நுகர்வோர் சட்டத்துக்கும் விமானப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் முன்னால் 86-ஆம் பிரிவைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. டென்னிங் 1957-இல் சொன்னதன் எதிரொலி டெல்லியிலும் கேட்டது.

லண்டனில் இதற்குள் நிஜாமின் பணம் மறுபடி அசையத் தொடங்கியிருந்தது. 2013-இல் பாகிஸ்தான் ஹை கமிஷனர், பணத்தைத் தங்களிடம் கொடுக்கும்படி கோரி வங்கியின் மீது வழக்குத் தொடர்ந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்த மௌனத்தை ஏன் அந்த நேரத்தில் கலைத்தார்கள் என்று சட்ட வட்டாரங்களில் பலருக்கும் ஆச்சரியம். 1978 சட்டத்தின் இரண்டாம் பிரிவு தெளிவாக இருக்கிறது: ஒரு நாடு தானே வழக்குத் தொடர்ந்தால், அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை அது ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அதே விஷயத்திலிருந்து கிளம்பும் எதிர்க் கோரிக்கைகளுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

நிஜாமின் பேரன்களான முகர்ரம் ஜா, முஃபக்கம் ஜா ஆகியோரும் இந்திய அரசும் வழக்கில் நுழைந்தார்கள். விபரீதம் புரிந்ததும் பாகிஸ்தான் தரப்பு வழக்கை வாபஸ் வாங்க மனுப் போட்டது. வாபஸ் ஆனால் பழையபடி விலக்குரிமைக்குள் போய்விடலாமே! 2015-இல் நீதிபதி ஹென்டர்சன் அதற்கு அனுமதி மறுத்தார். உள்ளே வந்தாயிற்று, நினைத்தபோது வெளியே போக முடியாது. 1957-இல் சாத்திய கதவை 2013-இல் பாகிஸ்தானே உள்ளேயிருந்து தாழ் திறந்துவிட்டது.

அதன் பிறகுதான் 1948-இல் நடக்க வேண்டிய விசாரணை நடந்தது. ஹைதராபாத்துக்குத் தாங்கள் உதவி செய்து அனுப்பிய ஆயுதங்களுக்கான விலையே அந்தப் பணம் என்றது பாகிஸ்தான். இது முழுக் கற்பனையும் அல்ல. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி கராச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு விமானத்தில் துப்பாக்கிகளைக் கடத்திக்கொண்டிருந்தது அந்தக் காலத்திலேயே அறிந்த செய்தி. இன்னொரு வாதம், இந்தியாவின் கைக்குச் சிக்காமல் இருக்கத்தான் பணத்தைப் பாகிஸ்தானிடம் நிரந்தரமாகக் கொடுத்தார்கள் என்பது. நீதிபதி மார்கஸ் ஸ்மித் எழுபது ஆண்டுக் காகிதங்களைப் படித்து, இரண்டையும் ஏற்க மறுத்தார். ஆயுதம் வந்திருக்கலாம், இந்தப் பணம் அதற்கான விலை என்று காட்ட ஆதாரம் இல்லை. ரஹிம்துல்லா அந்தப் பணத்தை ஏழாவது நிஜாமுக்காகப் பொறுப்பில் வைத்திருந்தவர் மட்டுமே. ஆகவே அது நிஜாமின் வழிவந்தவர்களுக்கும், அவரிடமிருந்து உரிமை பெற்ற இந்தியாவுக்கும் சேர வேண்டும். இளவரசர்களும் இந்தியாவும் தங்களுக்குள் ஏற்கெனவே ஓர் உடன்பாடு செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு என்பது அவர்களுக்கு இடையிலான ரகசியம்.

வழக்கில் ஜெயித்தால் பணம் கிடைத்துவிடும் என்பதும் நிஜாமின் வழக்குக்குப் பொருந்தியதே தவிர மற்றவற்றுக்குப் பொருந்தாது. அங்கே பணம் ஓர் ஆங்கிலேய வங்கியில் தயாராக இருந்தது. மற்ற வழக்குகளில் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு அரசின் சொத்தைத் தேடி அலைய வேண்டும். அங்கே விலக்குரிமையின் இரண்டாவது சுவர் நிற்கிறது, முதல் சுவரைவிட உயரமாக. தூதரகக் கட்டடத்தைத் தொட முடியாது. தூதரகத்தின் வங்கிக் கணக்கையும் பொதுவாகத் தொட முடியாது: அதில் உள்ள பணம் முழுவதும் வியாபாரத்துக்காக மட்டும் வைத்திருப்பது என்று காட்டினால் ஒழிய ஜப்தி செய்யக்கூடாது என்று கொலம்பியத் தூதரகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1984-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எந்தத் தூதரகக் கணக்கில்தான் ஊழியர் சம்பளமும் கரண்டு பில்லும் கலக்காமல் இருக்கும்? இந்தியாவிலும் 86-ஆம் பிரிவு, தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு இன்னொரு முறை அனுமதி வாங்கச் சொல்கிறது.

கடன் கொடுத்தவர்கள் இந்தச் சுவரில் ஓட்டை தேடுவதை இந்தியாவே அனுபவித்திருக்கிறது. முன்தேதியிட்ட வரி விதிப்புத் தகராறில் கெய்ர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு 120 கோடி டாலர் தர வேண்டும் என்று 2020 டிசம்பரில் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. முதலீட்டு ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத்துக்கு இந்தியா முன்பே சம்மதம் கொடுத்திருந்ததால் அங்கே விலக்குரிமை பேச்சுக்கே இடம் இல்லை. பணம் வராததால் கெய்ர்ன், ஏர் இந்தியாவும் இந்திய அரசும் ஒன்றுதான் என்று சொல்லி 2021 மே மாதம் நியூயார்க்கில் ஏர் இந்தியா மீது வழக்குப் போட்டது. ஜூலையில் பாரிஸ் நகரில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 20 சொத்துகளை முடக்கப் பிரெஞ்சு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் முன்தேதியிட்ட வரியை ரத்து செய்தது. பிடித்துவைத்திருந்த சுமார் 7,900 கோடி ரூபாய் திருப்பித் தரப்பட்டது. கெய்ர்ன் கைவசம் இருந்தவை தூதரகம் அல்லாத சொத்துகளின் பட்டியலும், அவை இருக்கும் ஊர்களில் நல்ல வக்கீல்களும். அவ்வளவு வசதி எல்லாக் கடன்காரர்களுக்கும் வாய்க்காது.

எல்லா நாடுகளுக்கும் ஒரே விதியை எழுதும் முயற்சியாக ஐ.நா. 2004-இல் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. 30 நாடுகள் உறுதிப்படுத்தினால்தான் அது நடைமுறைக்கு வரும். இந்தியா 2007-இல் கையெழுத்திட்டது, உறுதிப்படுத்தவில்லை.

ஆகவே சென்னையிலோ டெல்லியிலோ ஏதாவது ஒரு தூதரகத்துக்குக் கேட்டரிங், ஏ.சி. பராமரிப்பு, பெயிண்டிங் என்று வேலை எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைக் கவனித்துக்கொள்வது நல்லது. இந்த ஒப்பந்தம் குறித்து விலக்குரிமையைக் கோர மாட்டோம் என்ற ஒரு வரியைத் தெளிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். 86-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அனுமதி தருவதற்கு அதுவே ஒரு காரணம். தகராறு வந்தால் நடுவர் மன்றம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பணம் வாங்காமல் சரக்கை இறக்காதீர்கள்.